ஐநூறு பேரின் வலீமாவும் ஆறு பேரின் சஹனும்

மாவனல்லையில் முப்பது வருடங்களாகப் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். அரிசி மூட்டையை எண்ணுவதில் எனக்குப் பிழை வந்ததில்லை என்று சொல்லிக்கொள்பவன் நான். ஆனால் 2014இல் என் மூத்த மகனின் வலீமாவில் என் கணக்கு ஊர் முன்னிலையில் பிழைத்துப் போனது. அந்தப் பிழை எங்கே ஏற்பட்டது, பத்து வருடங்கள் கழித்து இளைய மகனின் வலீமாவில் அதை எப்படித் திருத்திக்கொண்டேன் என்பதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். கல்யாணச் சாப்பாட்டுக்குச் சாமான் கொடுக்கும் வியாபாரிகளுக்கும், பிள்ளைகளின் கல்யாணத்தை எதிர்நோக்கி இருக்கும் அன்பர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்று 500 பேரை எதிர்பார்த்தோம். ஒரு சஹனில் ஆறு பேர் உட்காருவது நமது வழக்கம். 500ஐ ஆறால் பிரித்தால் 84 சஹன். கைகாவலுக்கு ஆறு கூட்டி 90 சஹனுக்குச் சமைக்கச் சொன்னேன். விருந்தாளிகளும் ஏறக்குறைய நான் நினைத்த அளவிலேயே வந்தார்கள். ஆனாலும் கடைசிப் பந்திக்கு உணவு இல்லை. நூறு பேரளவில் சாப்பிடாமல் நின்றார்கள். டவுனிலிருந்து பராட்டாவும் கறியும் எடுப்பித்துச் சமாளித்தோம். அதற்குள், எனக்கு இருபது வருடம் கடனுக்குச் சரக்கு தந்த கொழும்பு வியாபாரி ஒருவர், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பசியோடு போனார் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

சமையற்காரர் குறைத்துச் சமைத்துவிட்டார் என்றுதான் அன்று எல்லோரும் பேசினார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பின்னேரம் சமையற்கட்டுப் பக்கம் போனபோது சமையற்காரர் என்னைக் கூப்பிட்டு, கழுவுவதற்காக அடுக்கி வைத்திருந்த சஹன்களைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் கால் பங்கு சோறு மீதி கிடந்தது.

"ஹாஜியார், சோறு குறையவில்லை. ஆள்தான் குறைந்தது. ஆறு பேருக்கு வைத்த சஹனில் நாலு பேர் உட்கார்ந்தால் நான் என்ன செய்வது?" என்றார்.

அவர் சொன்னது சரி. 90 சஹனில் சராசரியாக நாலரைப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியென்றால் 405 பேர் சாப்பிட்டிருக்கிறார்கள். மீதி 95 பேரின் சோறு, சாப்பிட்டு எழும்பியவர்களின் சஹனிலேயே கிடந்தது. உணவு இருந்தும் பந்தியில் இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம். புபே முறையில் ஒருவர் தனக்கு வேண்டியதை மட்டும் எடுப்பதால் அங்கே தலைக்கணக்கே போதும். சஹன் விருந்தில் நாம் செலவழிக்கும் அலகு மனிதன் அல்ல, சஹன். மூடி திறந்த சஹனை இன்னொருவருக்கு வைக்க முடியாது. ஆகவே எத்தனை பேர் வருவார்கள் என்பதோடு, எத்தனை பேராக உட்காருவார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தலைக்கணக்கு எடுப்பது

இளைய மகனின் வலீமா 2024இல். இம்முறை 285 கார்ட் அடித்தோம். ஆனால் கார்ட் எண்ணிக்கையைக் கொண்டு ஆள் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது. உறவுக்காரர்களின் ஒரு கார்டுக்கு ஏழு பேரும் வருவார்கள், கடைத்தெருக் கார்டுக்கு ஒருவர் மட்டும் வருவார். எனவே ஒரு கொப்பியில் வீடு வீடாக எழுதி, ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே ஆண், பெண், பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் என்று மூன்று நிரல் போட்டோம். மொத்தம் 760 பேர் வந்தது.

இந்த 760 பேரும் வரமாட்டார்கள். எத்தனை வீதம் வருவார்கள் என்று ஊர்ப் பேச்சில் ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை நான் நம்புவதில்லை, ஏனெனில் அது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அதற்குப் பதிலாகப் பட்டியலை உறவு, ஜமாஅத், கடைத்தெரு, சம்பந்தி வீடு என நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அந்த வட்டத்தை நன்கறிந்த ஒருவரிடம் கொடுத்தேன். வலீமாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர்கள் டெலிபோனில் பேசி, வராதவர்களை வெட்டித் தந்தார்கள். "வருவீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "இன்ஷா அல்லாஹ்" என்பார்கள். "எத்தனை பேர் வருகிறீர்கள், வாகனம் எப்படி?" என்று கேட்டால் உண்மை நிலவரம் வெளியே வரும். அப்படி வெட்டியபின் 300 ஆண்கள், 240 பெண்கள், 70 பிள்ளைகள் என 610 பேர் என்று தீர்ந்தது.

ஆணையும் பெண்ணையும் தனித்தனியாக எழுதியதற்குக் காரணம், இரு பகுதியிலும் சஹன் நிரம்பும் விதம் வேறு. ஆண்கள் பகுதியில், நன்றாக ஒழுங்கு செய்தாலும் எல்லாச் சஹனிலும் ஆறு பேர் சேர்வதில்லை. சராசரி ஐந்தரை என்று வைத்தோம். பெண்கள் பகுதியில் பிள்ளைகள் தாய்மாரோடு உட்காருவார்கள். அங்கே ஐந்து பெண்களும் ஒன்றிரண்டு சிறுவர்களும் ஒரு சஹன் என்று வைத்தோம். கணக்கு இப்படி வந்தது: ஆண்கள் 300 பேருக்கு 55, பெண்கள் 240 பேருக்கு 48, சமையல் ஆட்கள், ட்ரைவர்மார், வீடியோ எடுப்பவர்கள் ஆகியோருக்கு 4, கைகாவலுக்கு 5. மொத்தம் 112 சஹன்.

பத்து வருடத்துக்கு முன் செய்ததுபோல் 610ஐ ஆறால் பிரித்திருந்தால் 102 என்று வந்திருக்கும். அதற்கு மேல் ஆறு கூட்டியிருந்தாலும் 108தான். வித்தியாசம் பெரிதல்ல என்று தோன்றும். ஆனால் ஆண்கள் பகுதியின் சராசரி ஐந்தரையிலிருந்து நாலுக்கு இறங்கினால் 55 சஹன் போதாது, 75 வேண்டும். கைகாவலுக்கு வைத்த ஐந்தெல்லாம் அந்த ஓட்டையை அடைக்காது. ஆகவே கூடுதலாகச் சமைப்பது இதற்கு மருந்தல்ல. சஹனை நிரப்பி உட்கார வைப்பதுதான் மருந்து. அதற்குப் பின்னர் வருகிறேன்.

சஹனைக் கிலோவாக மாற்றுவது

நம் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் இது. சஹன் என்பது முத்திரை குத்திய அளவு அல்ல. ஒருவரின் சஹனில் 600 கிராம் அரிசி இருக்கும், இன்னொருவரின் சஹனில் 900 கிராம் இருக்கும். இருவரும் ஒரு சஹன் இன்ன விலை என்றே சொல்வார்கள். விலை குறைந்தவரைப் பிடித்துவிட்டு, சோறு காணவில்லை என்று பிறகு வருந்துவதில் பயனில்லை. விலை கேட்கும்போதே சஹனுக்கு எத்தனை கிராம் அரிசி, எத்தனை கிராம் இறைச்சி, கோழி எந்த நிறை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். 112 சஹனில் 600 கிராமுக்கும் 800 கிராமுக்கும் இடையிலான வித்தியாசம் 22 கிலோ அரிசி.

நாங்கள் சஹனுக்கு 800 கிராம் பாஸ்மதி என்று வைத்தோம். வெந்தபின் அது இரண்டு கிலோவுக்கு மேல் வரும், ஆறு பேருக்குத் தாராளம். அதோடு புரியாணிக்குள் 600 கிராம் மாட்டிறைச்சி, மேலே ஆறாக வெட்டிய ஒரு றோஸ்ட் கோழி, ஆறு அவித்த முட்டை, அச்சாறு, புதினா சம்பல். கோழியை ஆறாக வெட்டும்போது துண்டுகள் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். ஒரே அளவுக் கோழியாக, ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாமல் எடுத்தால்தான் அது நடக்கும். சின்னக் கோழியும் பெரிய கோழியும் கலந்து வந்தால், பக்கத்துச் சஹனைப் பார்த்து முகம் சுளிப்பார்கள்.

112 சஹனுக்கு 90 கிலோ அரிசி. எங்கள் சமையற்காரர் ஒரு கிடாரத்தில் 10 கிலோ அரிசி போடுவார். அதற்கு மேல் போட்டால் அடியில் பிடிக்கும், நடுவில் வேகாது என்பது அவர் அனுபவம். ஆகவே ஒன்பது கிடாரம். ஒரு கிடாரத்தில் பன்னிரண்டரைச் சஹன், அதாவது இரண்டு கிடாரத்தில் 25 சஹன் இறங்கும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால், அன்றைய தினம் எந்த நேரத்திலும் அடுப்பைப் பார்த்தே எத்தனை பேருக்கு உணவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

அரிசி வாங்கும்போது கடைக்காரரோடு ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோப் பைகளாக எடுத்து, திறக்காத பையைத் திருப்பி எடுப்பதாக ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். நானே அரிசி வியாபாரி என்பதால் எனக்கு அது சுலபம். ஆனால் என் வாடிக்கையாளர்களுக்கும் இதை நான் மறுப்பதில்லை. வெட்டிய கோழியையோ இறைச்சியையோ யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள். அதனால் கைகாவலை இயன்றவரை அரிசியிலும் முட்டையிலும் வைப்பதே புத்தி.

பந்தியும் அடுப்பும்

மண்டபத்தில் ஆண்கள் பகுதியில் ஒரே நேரத்தில் 20 சஹனும், பெண்கள் பகுதியில் 16 சஹனும் வைக்க இடம் இருந்தது. அதன்படி இரு பகுதிக்கும் மூன்று மூன்று பந்தி. ஒரு பந்தி உட்கார்ந்து, கை கழுவி, சாப்பிட்டு, வட்டிலப்பம் முடித்து எழும்ப முப்பத்தைந்து நிமிடமளவில் எடுக்கும். துடைத்து அடுத்த பந்திக்குத் தயாராக்க மேலும் பதினைந்து நிமிடம். ஆகவே பந்திக்குப் பந்தி 50 நிமிடம் என்று வைத்தோம்.

இரு பகுதியையும் ஒரே நேரத்தில் தொடங்குவதுதான் பலர் செய்வது. அப்போது சமையற்கட்டில் 36 சஹன் ஒரே நேரத்தில் கேட்கப்படும். ஐந்து பேர் வரிசையாக நின்று, ஒருவர் சோறு போட, ஒருவர் கோழி வைக்க, ஒருவர் முட்டை வைக்க என்று வேலை செய்தால் ஒரு சஹனுக்கு ஒரு நிமிடம் போகும். 36 சஹனுக்கு 36 நிமிடம். முதலில் நிரப்பியது ஆறிவிடும், கடைசியில் நிரப்புவதற்காக விருந்தாளிகள் காத்திருப்பார்கள். இரண்டும் பிழை.

நாங்கள் பெண்கள் பந்தியை 11.45க்கும், 12.35க்கும், 1.25க்கும் வைத்தோம். ஆண்கள் லுஹர் தொழுதுவிட்டு வருவதால் அவர்களின் பந்தியை 1.00க்கும், 1.50க்கும், 2.40க்கும் வைத்தோம். 12.35 தொடக்கம் 1.50 வரை, நெருக்கடியான அந்த நேரத்தில், 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பகுதிக்கு மட்டும் உணவு போகும். ஐந்து பேர் வரிசை அதற்குப் போதுமாக இருந்தது. சஹனைத் தூக்குவதற்குப் பத்து இளைஞர்கள். ஒருவருக்கு ஒரு நடையில் ஒரு சஹன், இரண்டு நடையில் ஒரு பந்தி முடிந்துவிடும்.

அடுப்பையும் இதே ஒழுங்கில் ஏற்றினோம். முதல் இரண்டு கிடாரம் 11.15க்கு இறங்கியது. அது 25 சஹன், பெண்களின் முதல் பந்திக்குப் போதும். அடுத்த மூன்று 12.10க்கு, அதற்கடுத்த மூன்று 1.10க்கு இறங்கின. ஒன்பது கிடாரத்தையும் காலை ஒன்பது மணிக்கே இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அது நிம்மதி அல்ல. சமைத்த சோறும் இறைச்சியும் 60 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறி மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி பெருகும். கல்யாண வீட்டுச் சாப்பாட்டால் வயிற்றோட்டம் என்று பின்னர் கேள்விப்படும் சம்பவங்கள் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகின்றன. மூடியை மாவால் ஒட்டித் தம் போட்ட கிடாரம் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். ஆகவே ஒரு கிடாரம் முடியாமல் அடுத்ததைத் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டோம். மூடியைத் திறக்கும்போது கையைச் சுடும் ஆவி அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் அதைச் சூடாக்காமல் பரிமாறக் கூடாது. றோஸ்ட் கோழிக்கும் இதே விதி. முதல் நாள் மசாலா தடவிக் குளிரில் வைத்து, பந்திக்குப் பந்தி பொரிப்பதே நல்லது.

சஹன் தட்டுகளை வாடகைக்கு எடுப்பதிலும் ஒரு விடயம் உண்டு. கழுவிக் கழுவிப் பாவிக்கலாம் என்று 60 தட்டு எடுத்தால், இரண்டாம் பந்தி நேரத்தில் தட்டு கழுவும் இடத்தில்தான் எல்லாம் தேங்கி நிற்கும். நாங்கள் 115 எடுத்தோம். கை கழுவுவதும் அப்படியே. 110 ஆண்கள் ஆறு பைப்புக்கு முன்னால் நின்றால், ஆளுக்கு 20 வினாடி என்றாலும் ஆறு நிமிடம் போய்விடும், வரிசையும் குலைந்துவிடும். உட்கார்ந்த இடத்துக்கே சட்டியும் செம்பும் கொண்டுபோகும் நமது பழைய முறை அதைவிட வேகமானது, யாரும் இடம்விட்டு எழும்பவும் தேவையில்லை.

ஆறு பேரைச் சேர்ப்பவர்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2014இல் உட்கார வைக்கும் வேலையைப் பையன்களிடம் விட்டிருந்தேன். மூன்று நண்பர்கள் ஒரு சஹனில் உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு பேர் வருவாங்க" என்று இடம் பிடித்தால், பெரியவர்களிடம் ஒரு பையன் என்ன சொல்ல முடியும்? கடைசியில் நாலு பேரோடு சஹன் திறக்கும்.

இம்முறை அந்த வேலையை என் மச்சானிடம் ஒப்படைத்தேன். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவரிடம் படித்தவர்களின் வாப்பாமார். அவரோடு கடைத்தெருவை நன்கறிந்த இன்னொரு நாநாவையும் விட்டேன். பெண்கள் பகுதியில் என் தங்கச்சியும், எல்லோருக்கும் தெரிந்த ஒரு சாச்சியும் நின்றார்கள். இவர்களுக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கவில்லை.

அவர்களுக்கு இருந்த சட்டம் ஒன்றே. பாயில் ஆறு பேர் உட்கார்ந்த பிறகுதான் அந்த இடத்துக்குச் சஹன் வர வேண்டும். முன்பு செய்ததுபோல் சஹனை முதலில் பரப்பி வைத்துவிட்டு ஆட்களை உள்ளே விட்டால், அவரவர் விரும்பியபடி உட்கார்ந்து மூடியைத் திறந்துவிடுவார்கள். சஹன் இல்லாத வெறும் இடத்தில் உட்கார வைத்தால், நாலு பேர் தாங்களாகவே மற்ற இருவரைக் கூப்பிடுவார்கள், ஏனெனில் ஆறு பேர் சேர்ந்த இடத்துக்குத்தான் சஹன் முதலில் வருகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். மச்சான் சத்தம் போடவில்லை. "நாநா, இவர் பேராதனையிலிருந்து வந்திருக்கிறார், உங்களோடு இருக்கட்டுமா?" என்று கேட்டே ஒவ்வொரு சஹனையும் நிரப்பினார். யாருக்கும் மனத்தாங்கல் வரவில்லை.

எவ்வளவு செய்தாலும் பந்தியின் ஓரத்தில் மூன்று பேர் மிஞ்சுவார்கள். அவர்களுக்காகச் சமையற்கட்டில் அரைச் சஹன் என்று ஒன்றை வைத்தோம். பாதிச் சோறு, பாதிக் கோழி, மூன்று முட்டை. தட்டு அதேதான், அலங்காரமும் அதேதான். இப்படி ஆறு அரைச் சஹன் அன்று போனது, அதாவது மூன்று முழுச் சஹன் மிச்சம்.

கடைசிக் கிடாரம்

ஒவ்வொரு சஹனும் சமையற்கட்டை விட்டு வெளியேறும்போது ஒரு அட்டைத் துண்டைப் பெட்டியில் போடச் சொன்னோம். அரைச் சஹனுக்கு அரைத் துண்டு. ஆண்கள் பகுதிக்குப் பச்சை, பெண்கள் பகுதிக்கு மஞ்சள். வாசலில் ஒருவர் வருபவர்களை எண்ணினார். இந்த இரண்டு எண்ணும் இருந்தால் நடுவழியில் திருத்திக்கொள்ளலாம்.

ஆண்களின் முதல் பந்தி 1.00 மணிக்கு உட்கார்ந்ததும் மச்சான் வந்து, "20 சஹன், 110 பேர்" என்றார். ஐந்தரை. கணக்கு நிற்கிறது என்று தெரிந்தது. இந்த எண் ஐந்துக்குக் கீழே இருந்திருந்தால், பின்னால் ஆபத்து என்று அப்போதே புரிந்திருக்கும். அப்படியானால் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, அடுத்த பந்தியில் உட்கார வைப்பதை இறுக்குவது. மற்றது, ஒதுக்கி வைத்த அரிசியை உடனே ஊறப் போடுவது.

ஒன்பதாவது கிடாரத்தை நாங்கள் அதுவரை ஏற்றவில்லை. அதற்கான இறைச்சி வெந்து தயாராக இருந்தது, அரிசி மட்டும் பையில் இருந்தது. எட்டுக் கிடாரத்தில் 100 சஹன். 1.15க்கு வாசல் எண்ணிக்கையையும், பெண்கள் பகுதியில் காத்திருந்தவர்களையும் வைத்துப் பார்த்தபோது, வேலையாட்களையும் சேர்த்து 103 சஹனளவில் தேவைப்படும் என்று தெரிந்தது. சமையற்காரரிடம் போய்ச் சொன்னேன்.

"அப்போ பத்து வேண்டாம் ஹாஜியார், அஞ்சு கிலோ போடுறேன்" என்றார். அரை மணி நேரம் ஊறிய அரிசி 2.30க்குள் சோறாக இறங்கியது. 5 கிலோப் பை ஒன்று திறக்காமலே கடைக்குத் திரும்பியது. கோழியிலும் ஆறு பொரிக்கப்படாமல் குளிரில் இருந்தது.

வட்டிலப்பத்தை முதல் நாளே அவித்து, ஆறவிட்டுக் குளிரில் வைத்திருந்தோம். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம் என்பதால் அதை வெளியில் வைத்திருக்கக் கூடாது. பந்திக்குத் தேவையான கோப்பைகளை மட்டும் அந்தந்த நேரத்தில் எடுத்தோம். தட்டோடு சேர்த்து வைக்காமல், சாப்பிட்டு முடிந்தபின் ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்தோம். இதில் இன்னொரு நன்மை உண்டு. ஒருவர் ஒரு கோப்பைதான் எடுக்கிறார். ஆகவே போன கோப்பைகளே உண்மையான தலைக்கணக்கு. எல்லாம் முடிந்தபின் எண்ணிப் பார்த்ததில் 588 கோப்பை போயிருந்தது. பெட்டியிலிருந்த அட்டையில் ஆண்களுக்கு 52, பெண்களுக்கு 47, வேலையாட்களுக்கு 4. மொத்தம் 103 சஹன். மூன்று சஹனுக்கான சோறு மிஞ்சியது. அதைச் சூடு ஆறுமுன் பார்சல் கட்டி, வர முடியாத நோயாளிகள் இருந்த வீடுகளுக்கு அனுப்பினோம்.

அந்த 588 என்ற எண்ணையும் 103 என்ற எண்ணையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் அடுத்த கல்யாணத்துக்கு, ஊரார் சொல்லும் வீதத்தைவிட இந்த இரண்டு எண்ணும் உதவும். உங்கள் வீட்டு விருந்து முடிந்த அன்றே, தட்டுகளை வாடகைக்காரரிடம் திருப்பிக் கொடுக்குமுன் நீங்களும் எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

கொழும்பு வியாபாரிக்கு இம்முறையும் கார்ட் அனுப்பியிருந்தேன். அவர் வந்தார். ஆண்களின் இரண்டாம் பந்தியில், ஐந்து பேர் இருந்த ஒரு சஹனில் மச்சான் அவரை ஆறாவதாக உட்கார வைத்தார். போகும்போது என் கையைப் பிடித்து, "ஹாஜியார், வயிறு நிரம்பிவிட்டது" என்றார். பத்து வருடத்துக்கு முந்தியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.